பூட்லோடர் லாக் ஆன சாம்சங் ஃபோனில் பழைய ஃபர்ம்வேரை ஓடின் மென்பொருள் மூலம் போட்டால் FAIL வருகிறது. கேபிளை மாற்றியும் பார்த்துவிட்டேன், என்ன காரணம்?

கேபிள் பாவம், அதை விட்டுவிடுங்கள். நானும் மூன்று கேபிள் மாற்றிய ஆள்தான்.

அம்மாவின் கேலக்ஸி A51-இல் அப்டேட் வந்ததும் எல்லாம் இடம் மாறிவிட்டது. "பழையபடி ஆக்கிக் கொடுடா" என்றார்கள். உங்கள் வீட்டிலும் அப்படி ஏதாவதுதான் நடந்திருக்கும். பழைய ஃபர்ம்வேரை இறக்கி, BL, AP, CP, CSC என்ற நான்கு கோப்புகளையும் ஓடினில் ஏற்றினேன். சில வினாடிகளில் சிவப்பில் FAIL. நான் கம்ப்யூட்டரையே முறைத்துக்கொண்டிருந்தேன். காரணமோ ஃபோன் திரையின் மூலையில் பொடி எழுத்தில் இருந்தது:

```
SW REV. CHECK FAIL. DEVICE: 5, BINARY: 4
```

ஃபர்ம்வேர் பெயரில் கடைசியிலிருந்து ஐந்தாவது எழுத்தைப் பாருங்கள். `A515FXXU5` என்று தொடங்கும் பெயரில் அந்த 5 தான் பைனரி எண். முக்கியமான பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்கும்போது நிறுவனம் இதை ஒன்று கூட்டும். அப்டேட் ஏறியதும் ஃபோன் தன் சிப்பில் உள்ள ஃபியூஸில் அதைப் பதித்துக்கொள்ளும். ஃபியூஸ் ஒருமுறை எரிந்தால் எரிந்ததுதான், ரீசெட் செய்தாலும் எண் இறங்காது.

பழையதிலும் நிறுவனத்தின் கையொப்பம் சரியாகத்தானே இருக்கிறது என்று கேட்பீர்கள். இருக்கிறது, சிக்கலே அதுதான். கையொப்பத்தை மட்டும் பார்த்தால், ஃபோனைத் திருடியவன் ஓட்டை உள்ள பழையதைப் போட்டு அது வழியாக உள்ளே நுழைய முடியும். அதனால் ஃபோன் எண்ணையும் பார்க்கிறது, தன்னிடம் பதிந்ததைவிடக் குறைவாக இருந்தால் ஏற்க மறுக்கிறது. பூட்லோடரைத் திறந்து வைத்திருக்கும் நண்பர்கள் சண்டைக்கு வர வேண்டாம், கேள்வி லாக் ஆன ஃபோனைப் பற்றியது. திறந்தாலும் சாம்சங்கில் எண் குறைந்த பழைய BL, அதாவது பூட்லோடர் கோப்பு, ஏறாது.

BL-ஐ விட்டுவிட்டு AP மட்டும் போடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். AP-க்குள் இருக்கும் boot.img-க்கும் அதே சோதனை உண்டு. நான் கேட்டேன், பாதியில் நின்று, ஃபோன் அவசர மீட்புத் திரையிலேயே உட்கார்ந்துவிட்டது.

தீர்வு சாதாரணமானது. அதே எண் 5 உள்ள ஃபர்ம்வேரை முழுதாகப் போட்டேன், CSC-க்குப் பதில் HOME_CSC கொடுத்ததால் படங்களும் போகவில்லை. ஒப்பிடப்படுவது ஆண்ட்ராய்டு பதிப்பு அல்ல, இந்த எண்தான். அதனால் எண் சமமாக இருந்தால் தேதியில் பழையதும் ஏறும், ஆனால் டேட்டாவை அழிக்க வேண்டியிருக்கலாம். அம்மா கேட்ட பழைய பதிப்பு முழுக்க 4-இல் இருந்தது, அதனால் அது கடைசிவரை கிடைக்கவில்லை. ஐகான்களை மட்டும் பழைய வரிசையில் அடுக்கிக் கொடுத்தேன்.

இதற்கு நடுவில் பதறிப்போய் ஒரு கடைக்கும் போனேன். ஃபோனை ஆன்கூடச் செய்து பார்க்காமல் "போர்டு போச்சு சார், மூவாயிரத்து ஐந்நூறு ஆகும்" என்றார். வேண்டாம் என்று திரும்ப வாங்கினால், "செக்கிங் சார்ஜ்" என்று இருநூறு கேட்டார். கொடுத்துவிட்டுத்தான் வந்தேன்.