பத்து இலக்கமும் சரி, ஓடிபி மட்டும் வரவில்லை

கேள்வி: மகன் வேலைக்காக இங்கிலாந்தில் லெஸ்டருக்குப் போயிருக்கிறான். அவனுடைய என்.ஆர்.இ. கணக்கில் பழைய இந்திய எண்ணுக்குப் பதிலாக அங்கத்திய எண்ணைப் பதியச் சொல்லி, அவன் கையெழுத்துப் போட்டு அனுப்பிய படிவத்தைக் கிளையில் கொடுத்தேன். எண் 07700 900123. படிவத்தில் பத்துக் கட்டம்தான் இருந்தது, அதனால் முதல் பூஜ்யத்தை விட்டுவிட்டு நானே நிரப்பினேன். இப்போது அவன் நெட் பேங்கிங்கில் நுழைந்தால் "XXXXXX0123 என்ற எண்ணுக்கு ஓடிபி அனுப்பப்பட்டது" என்று வருகிறது. ஆனால் ஓடிபி வருவதில்லை. அதே எண்ணில் வாட்ஸப் நன்றாகவே ஓடுகிறது. கோளாறு எங்கே?
— திருநெல்வேலி வாசகர்

பதில்: பூஜ்யத்தை விட்டது சரி. ஆனால் அந்தப் பத்துக் கட்டங்களுக்கு இடது பக்கம் இரண்டு மூன்று கட்டம் தனியாக இருந்ததா, ஐ.எஸ்.டி. கோடு என்று போட்டு? அதைக் காலியாக விட்டிருப்பீர்கள் என்று சந்தேகப்படுகிறேன். படிவத்தைப் பார்த்துக் கணினியில் ஏற்றுகிறவர் முன்னால் பெரும்பாலும் 91 ஏற்கெனவே நின்றுகொண்டிருக்கும். காலிக் கட்டத்தைப் பார்த்தவர் அதை அப்படியே விட்டுவிட்டுப் பத்து இலக்கத்தை அடித்திருப்பார்.

(வாசகரின் உண்மையான எண்ணை மாற்றியிருக்கிறேன். மேலே இருப்பது, தொலைக்காட்சி நாடகங்களில் காட்டுவதற்கென்றே பிரிட்டனின் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காம் ஒதுக்கிவைத்திருக்கும் எண்களில் ஒன்று. யாருக்கும் மணி அடிக்காது.)

கணினி ஏன் தடுக்கவில்லை என்று கேட்பீர்கள். இந்தியக் கைபேசி எண் பத்து இலக்கம், 6 முதல் 9 வரை ஏதோ ஒன்றில் தொடங்கும். பிரிட்டன் கைபேசி எண்ணில் பூஜ்யத்தை எடுத்துவிட்டால் மிஞ்சுவதும் பத்து இலக்கம், அதுவும் 7-இல் தொடங்கும். பார்வைக்கு அசல் இந்திய எண். சரிபார்க்கும் மென்பொருளுக்கு இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, வாங்கிப் போட்டுக்கொண்டது. உங்கள் மகன் துபாயிலோ சிட்னியிலோ இருந்திருந்தால் இந்தத் தவறு அன்றைக்கே தெரிந்திருக்கும். அந்த ஊர்க் கைபேசி எண்களில் பூஜ்யத்தை எடுத்தால் மிஞ்சுவது ஒன்பது இலக்கம்தான். ஒரு கட்டம் காலியாக நிற்கும், கவுன்டரில் இருப்பவரே கேட்டிருப்பார். அமெரிக்க, கனடா எண்களிலும் பிரிட்டனைப் போலவே ஆபத்து உண்டு. அவையும் பத்து இலக்கம். நியூ ஜெர்சியின் 732-இல் தொடங்கும் எண்ணை 91-க்குப் பின்னால் போட்டால் அதுவும் இந்திய எண் போலவே உள்ளே போய்விடும்.

வங்கிக்கணினியில் இப்போது இருப்பதும் இருக்க வேண்டியதும் இப்படி:

```
இப்போது:      +91 7700900123
இருக்க வேண்டியது: +44 7700900123
```

முதல் வரியில் இருப்பது இந்தியாவில் யாரோ ஒருவருடைய எண்ணாக இருக்கலாம், யாருக்கும் கொடுக்காத எண்ணாகவும் இருக்கலாம். திரையில் கடைசி நான்கு இலக்கத்தை மட்டும் காட்டுவதால் 0123 என்று பார்த்ததும் உங்களுக்கு எல்லாம் சரியாகத் தோன்றிவிட்டது. மறைத்துக் காட்டும் பகுதியில்தான் பிழை ஒளிந்திருக்கிறது. சில தளங்கள் +44 என்பதை வெளியே காட்டிவிட்டு மீதியை மறைக்கும், அங்கே ஒரு பார்வையில் தெரிந்துவிடும். உங்கள் வங்கி அப்படிச் செய்யவில்லை.

வாட்ஸப் ஓடுவதை வைத்து எதுவும் முடிவு செய்ய முடியாது. சிம் உயிரோடு இருக்கிறது, அந்த எண்ணில் குறுஞ்செய்தி வாங்க முடியும் என்று மட்டும்தான் அது சொல்கிறது. அங்கே மகன் நாட்டைத் தானே தேர்ந்தெடுத்து, தன் எண்ணைத் தானே அடித்தான். வங்கியில் அடித்தது வேறொருவர்.

சந்தேகம் சரிதானா என்று பார்க்க, அந்த +91 எண்ணைக் கூப்பிட்டுப் பார்க்காதீர்கள். எடுப்பவர் யாராக இருந்தாலும், "உங்களுக்கு என் மகனின் ஓடிபி வருகிறதா" என்று கேட்டால் அவரிடம் நீங்களே தகவல் கொடுத்ததாகிவிடும். வாடிக்கையாளர் சேவை எண்ணில் மகனே பேசி, அடையாளச் சரிபார்ப்பு முடிந்ததும், "பதிவில் இருக்கும் எண்ணின் நாட்டுக் குறியீடு என்ன?" என்று அந்த ஒரு கேள்வியைக் கேட்கட்டும். முழு எண்ணைச் சொல்ல மறுப்பார்கள், அது நியாயம்தான். குறியீட்டைச் சொல்லத் தயங்கமாட்டார்கள் என்று நினைக்கிறேன். இல்லாவிட்டால், ஒரு நடை கிளைக்குப் போய் நீங்கள் கொடுத்த படிவத்தின் நகலைப் பார்த்தாலே அந்தக் கட்டம் காலியா இல்லையா என்று தெரிந்துவிடும்.

இதைத் தள்ளிப்போட வேண்டாம். ஓடிபி மட்டும் கிடைத்தவரால் கணக்குக்குள் நுழைய முடியாது, பயனர் பெயரும் கடவுச்சொல்லும் வேண்டும். அதைவிட எனக்குக் கவலை, பணம் போட்டது, எடுத்தது, மீதி எவ்வளவு என்று வரும் குறுஞ்செய்திகள்தான். அவையும் இப்போது அந்த எண்ணுக்குத்தான் போகின்றன. கணக்கில் ஏதாவது தப்பாக நடந்தால் உங்கள் மகனுக்குத் தெரியவே தெரியாது. எண் மாறும்வரை மின்னஞ்சலுக்கும் அறிவிப்பு வரும்படி செய்துகொள்ளச் சொல்லுங்கள். அதுவரை "மறுபடி அனுப்பு" பொத்தானை அழுத்துவதை நிறுத்துங்கள். ஒவ்வொரு அழுத்துக்கும் இன்னொரு ஓடிபி அதே தவறான எண்ணுக்குப் போகும், அளவைத் தாண்டினால் சில வங்கிகளில் நுழைவு சில மணி நேரம் பூட்டிக்கொள்ளும்.

புதுப் படிவத்தில் ஐ.எஸ்.டி. கட்டத்தில் 44, அடுத்த கட்டங்களில் 7700900123. கட்டம் தனியாக இல்லாத படிவமாக இருந்தால் பக்கத்திலேயே +44 என்று தெளிவாக எழுதி, "வெளிநாட்டு எண், 91 அல்ல" என்றும் ஒரு வார்த்தை சேர்த்துவிடுங்கள். ஏற்றுகிறவர் கண்ணில் பட வேண்டும், அவ்வளவுதான்.

எண் சரியாகப் பதிந்த பிறகும் வரவில்லை என்றால் கேள்வியை மாற்றிக் கேட்க வேண்டும்: அந்த நாட்டுக்கு அந்த வங்கி குறுஞ்செய்தி அனுப்புகிறதா என்று. எல்லா வங்கியும் எல்லா நாட்டுக்கும் அனுப்புவதில்லை. யுபிஐ வேண்டுமானால் அதற்குத் தனிப் பட்டியலே உண்டு. யுபிஐயை நடத்தும் என்.பி.சி.ஐ. 2023 ஜனவரியில் வெளிநாட்டு எண்களுக்கு முதலில் அனுமதி தந்த 10 நாடுகளில் பிரிட்டனும் இருந்தது, அந்த வகையில் உங்கள் மகனுக்கு வழி இருக்கிறது.

கேள்வி: அண்ணன் கோலாலம்பூரில் இருக்கிறார். அவர் எண் 012-இல் தொடங்கும். எல்லாரும் அதை "6012" என்றே எழுதுகிறார்கள். ஒரு தளத்தில் மலேசியாவைத் தேர்ந்தெடுத்து 012 என்று அடித்தேன், ஓடிபி வரவில்லை. இன்னொரு தளத்தில் அதே மாதிரி அடித்தேன், வந்தது. பூஜ்யம் வேண்டுமா வேண்டாமா?
— காரைக்குடி வாசகி

பதில்: வேண்டாம். மலேசியாவின் குறியீடு 60. அதன் பின்னால் பூஜ்யம் இல்லாத எண் வர வேண்டும், அதாவது +60 12 என்று தொடங்க வேண்டும். மலேசியாவில் பலரும் "முன்னால் ஒரு 6 போடு, அப்புறம் என் எண்" என்று சொல்லிப் பழகியிருக்கிறார்கள். 6-ஐயும் 012-ஐயும் சேர்த்தால் 6012. 60-ஐயும் 12-ஐயும் சேர்த்தாலும் 6012. காகிதத்தில் இரண்டும் ஒன்றுதான். ஆனால் தளத்தில் நாட்டைத் தேர்ந்தெடுத்ததும் 60 முழுதாக வந்து உட்கார்ந்துவிடுகிறது. அதன்மேல் 012 அடித்தால் 60012 ஆகிவிடும், அப்படி ஓர் எண் கிடையாது.

அந்த முதல் பூஜ்யம் எண்ணின் பகுதியே அல்ல. நாட்டுக்குள் இருந்து அழைக்கும்போது, "இது வேறு பகுதிக்குப் போகிற அழைப்பு" என்று தொலைபேசி நிலையத்துக்குச் சொல்வதற்கு வைத்த அடையாளம் அது. நம் ஊரில் வெளியூருக்கு எஸ்.டி.டி. போட்ட காலத்தில் முன்னால் ஒரு பூஜ்யம் அழுத்தினோமே, அதே பூஜ்யம்தான். வெளிநாட்டிலிருந்து வரும் செய்திக்கு நாட்டுக் குறியீடே போதும்.

இரண்டாவது தளம் ஏற்றுக்கொண்டதற்குக் காரணம், அதன் மென்பொருள் பூஜ்யத்தைத் தானே கழற்றிவிட்டது. முதல் தளத்துக்கு அந்தப் புத்தி இல்லை. எது எப்படி என்று வெளியே தெரியாது. பூஜ்யமில்லாமல் அடித்தால் இரண்டிலும் வேலை செய்யும்.

இலங்கையில் 077 என்பது +94 77 ஆகும், அமீரகத்தில் 050 என்பது +971 50 ஆகும். சிங்கப்பூர், கத்தார், குவைத், ஓமன், பஹ்ரைன் எண்கள் எட்டு இலக்கம், பூஜ்யமே கிடையாது. அங்கே கழற்ற ஒன்றும் இல்லை. எண்ணின் நடுவில் இருக்கும் பூஜ்யங்களைத் தொடாதீர்கள், இதையும் சிலர் செய்கிறார்கள்.

00-ஐயும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். இந்தியாவிலிருந்து வெளிநாட்டுக்கு அழைக்க 00 போடுவதால் சிலர் 0060 என்று படிவத்திலும் எழுதுகிறார்கள். ஆஸ்திரேலியாவில் அதே வேலைக்கு 0011, அமெரிக்காவில் 011. நாட்டுக்கு நாடு மாறும் இந்த முன்னொட்டுகளுக்கு எல்லாம் பொதுவாக வைத்ததுதான் + குறி. படிவத்தில் நாட்டுப் பட்டியல் இருந்தால் 00-வும் வேண்டாம், குறியீடும் வேண்டாம், மீதியை மட்டும் அடிக்க வேண்டும். ஒரே கட்டம் மட்டும் இருந்தால் + தொடங்கி எல்லாவற்றையும் இடைவெளி, கோடு இல்லாமல் அடியுங்கள்.

பூஜ்யத்தைக் கழற்றக் கூடாத நாடும் ஒன்று உண்டு, இத்தாலி. அங்கே வீட்டு, அலுவலகத் தொலைபேசி எண்களின் முதல் பூஜ்யம் எண்ணோடு ஒட்டியது. ரோம் எண் ஒன்றை +39 06 என்றுதான் போட வேண்டும். ஓடிபி வரும் கைபேசி எண்கள் அங்கே 3-இல் தொடங்குவதால் உங்களுக்கு இந்தக் கவலை வராது. ஆனால் இத்தாலியக் கடையில் பொருள் வாங்கும்போது தொடர்புக்குத் தரைவழி எண் கேட்டால் பூஜ்யத்தோடேயே கொடுங்கள்.