ஜெர்மன் ரயில் தாமதம்: டிக்கெட்டில் இருக்கும் கடைசி ஊர்தான் கணக்கு

கேள்வி: ஜெர்மனியில் படிக்கும் மகனைப் பார்க்க நானும் மனைவியும் போயிருந்தோம். மூவருமாக ஆகன் நகரிலிருந்து பெர்லின் போனோம். முதலில் ஏறிய உள்ளூர் ரயில் 17 நிமிடம் தாமதம். அதனால் கொலோனில் பிடிக்க வேண்டிய ஐசிஇ என்ற அதிவேக ரயில் போய்விட்டது. அடுத்த ஐசிஇயில் ஏறி, 64 நிமிடம் தாமதமாக பெர்லின் சேர்ந்தோம். முன்கூட்டியே பணம் கட்டியிருந்த படகுச் சவாரியும் போயிற்று. எங்கள் இருவருக்கும் ஆகன்–பெர்லின் போகவர ஒரே டிக்கெட், 159.60 யூரோ. மகன் கொலோன் வரை தன் மாதாந்திர டிக்கெட்டில் வந்தான். கொலோனிலிருந்து பெர்லினுக்குத் தனியாக 37.90 யூரோவுக்கு வாங்கியிருந்தான். இணையத்தில் விண்ணப்பித்தால் இழப்பீடு கிடைக்கும் என்கிறான். பயணம் முடிந்து இரண்டு மாதம் ஆகப்போகிறது. இப்போது இங்கிருந்து கேட்க முடியுமா? இல்லை, கோவை நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட வேண்டுமா? – வாசகர், கோவை

பதில்: தாராளமாகக் கேட்கலாம், ஐயா. உங்கள் இருவருக்கும் சேர்த்து 19.95 யூரோ வர வேண்டும். ஆனால் உங்கள் பக்கத்திலேயே உட்கார்ந்து வந்த மகனுக்கு எதுவும் வராது. ஒரே ரயில், ஒரே தாமதம், எப்படி இப்படி என்று தோன்றும். இந்தச் சட்டம் எதை அளக்கிறது என்று தெரிந்துகொண்டால் அது புரிந்துவிடும்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் ரயில் பயணிகள் உரிமை ஒழுங்குமுறை, 2021/782 என்ற எண் கொண்டது, 2023 ஜூன் 7 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 19ஆம் பிரிவின்படி, 60 முதல் 119 நிமிடம் வரை தாமதமானால் கட்டணத்தில் 25 சதவீதம், 120 நிமிடமும் அதற்கு மேலும் ஆனால் 50 சதவீதம் தர வேண்டும். 59 நிமிடத்துக்கு ஒன்றுமில்லை. பயணி எந்த நாட்டுக்காரர் என்பதும் இப்போது எங்கே வசிக்கிறார் என்பதும் இதில் வராது. கையில் டிக்கெட் இருந்தால் போதும்.

எந்த ரயில் எவ்வளவு தாமதம் என்று சட்டம் பார்ப்பதில்லை. டிக்கெட்டில் போய்ச்சேரும் இடம் என்று எந்த ஊர் இருக்கிறதோ, அந்த ஊருக்கு நீங்கள் எவ்வளவு தாமதமாகப் போனீர்கள் என்றுதான் பார்க்கிறது. உங்கள் டிக்கெட் ஆகனில் தொடங்கி பெர்லினில் முடிகிறது. நடுவில் ரயில் மாறுவது அந்த ஒரே ஒப்பந்தத்துக்குள் அடக்கம். அதனால் ஆரம்பத்தில் ஏற்பட்ட 17 நிமிடம் கொலோனில் இணைப்பைக் கெடுத்து, பெர்லினில் 64 நிமிடமாக முடிந்தபோது, அந்த 64தான் உங்கள் தாமதம்.

மகனிடம் இருந்தவை இரண்டு ஒப்பந்தங்கள். மாதாந்திர டிக்கெட்டைப் பொறுத்தவரை அவர் கொலோனுக்கு 17 நிமிடம் தாமதமாக வந்தார். 60க்கு அது எட்டவில்லை. கொலோன்–பெர்லின் டிக்கெட்டைப் பொறுத்தவரை அவர் ஏற வேண்டிய ஐசிஇ அதன் நேரத்துக்குக் கிளம்பிவிட்டது; அவர்தான் அதில் இல்லை. இரண்டு டிக்கெட்டிலும் தனித்தனியாக ஒருமணி நேரத் தாமதம் கிடையாது. ஒரே பரிவர்த்தனையில் சேர்த்து வாங்கிய டிக்கெட்டுகளை ஒரே பயணமாகக் கருத வேண்டும் என்று 12ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் மாதக் கட்டணத்தில் ஓடும் டிக்கெட்டையும் வேறொரு நாள் வாங்கிய ஐசிஇ டிக்கெட்டையும் அப்படி ஒட்ட முடியாது. ஜெர்மனியில் இருக்கும் நம் மாணவர்கள் பலரும் கையில் மாதாந்திர டிக்கெட் இருக்கிறதே என்று ஐசிஇ நிற்கும் பெரிய ஊரிலிருந்து மட்டும் டிக்கெட் வாங்குகிறார்கள். வீட்டு வாசல் ரயில் நிலையத்திலிருந்தே எடுத்தால் விலை சற்று கூடலாம். ஆனால் இணைப்பு தவறும் அபாயம் அப்போது ரயில் நிறுவனத்தின் தலையில் போய்விடும். மகனிடம் இதைச் சொல்லி வையுங்கள்.

இதே காரணத்தால் இன்னொன்றும் நடந்திருக்கலாம். சலுகை விலை டிக்கெட் குறிப்பிட்ட ரயிலுக்கு மட்டுமே செல்லும். போய்ச்சேரும் ஊரில் 20 நிமிடமோ அதற்கு மேலோ தாமதம் வரும் என்று தெரிந்தால், அந்தக் கட்டுப்பாட்டை ஜெர்மன் ரயில் நிறுவனமான டாய்ச்ச பான் தளர்த்திவிடுகிறது. எனவே நீங்கள் இருவரும் அடுத்த ஐசிஇயில் ஏறியது முழுக்க முறைப்படி. மகனுக்கு அந்தச் சலுகை கண்டிப்பாகப் பார்த்தால் இல்லை. டிக்கெட் பரிசோதகர் ஒன்றும் சொல்லாமல் விட்டிருந்தால், அதைக் கிளறி ஒரு விண்ணப்பம் போடாமல் இருப்பதே நல்லது.

சரி, தொகைக்கு வருவோம். 159.60இல் 25 சதவீதம் என்று போட்டால் 39.90 வரும். அப்படிக் கேட்கக் கூடாது. போகவர டிக்கெட்டில் ஒவ்வொரு வழிக்கும் விலை தனித்தனியாக இல்லையென்றால், மொத்தத்தில் பாதிதான் ஒரு வழிக் கட்டணம். பாதி 79.80, அதில் கால் பங்கு 19.95. திரும்பி வந்த ரயிலும் ஒருமணி நேரம் தாமதமாகியிருந்தால் அதற்குத் தனியாகக் கணக்கு உண்டு. இருக்கை முன்பதிவுக்குத் தனியாகப் பணம் கட்டியிருந்தால், தவறிப்போன ஐசிஇயில் அந்த இருக்கை வீணானதால் அந்தக் கட்டணத்தையும் சேர்த்துக் கேளுங்கள். கணக்குப் போட்டு வரும் தொகை நான்கு யூரோவுக்குக் கீழே இருந்தால் நிறுவனம் தர மறுக்கலாம். உங்களுக்கு அந்தப் பிரச்சினை இல்லை.

படகுச் சவாரிப் பணம் இதில் வராது. இந்தத் திட்டம் கட்டணத்தின் சதவீதத்தை மட்டும் பார்க்கிறது. தாமதத்தால் உங்களுக்கு வேறு என்ன நஷ்டம் என்று கேட்பதே இல்லை. நஷ்டத்தை நிரூபிக்க வேண்டிய சுமை இல்லாததால்தான் இணையப் படிவத்திலேயே வேலை முடிகிறது. அதில் படகு ரசீதையும் இணைத்தால் தீர்வு தாமதமாகுமே தவிர, ஒரு சதம்கூட அதிகமாக வராது.

கெடுதான் இப்போது அவசரம். பயணத்திலிருந்து மூன்று மாதம்தான் அவகாசம். ஒரு வருடம் இருக்கிறது என்று யாராவது சொன்னால், அது 2023 ஜூனுக்கு முந்தைய கதை. உங்களுக்கு இன்னும் ஒரு மாதம்கூட முழுசாக இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருக்காமல் இந்த வாரமே போட்டுவிடுங்கள்.

டிக்கெட்டை bahn.de தளத்திலோ DB Navigator செயலியிலோ வாங்கியிருந்தால், வாங்கிய கணக்கில் நுழைந்து, அந்தப் பயணத்தைத் திறந்து, பயணி உரிமைகள் பகுதிக்குப் போனால் இழப்பீட்டுப் படிவம் வரும். ஆங்கிலத்திலும் நிரப்பலாம். மகன் கணக்கிலிருந்து வாங்கியிருந்தால் அவர்தான் போட வேண்டும். உங்கள் இருவருக்கும் ஒரே டிக்கெட் என்பதால் ஒரே விண்ணப்பம் போதும். உள்ளூர் ரயிலை ஓட்டியது வேறு நிறுவனமாக இருந்தாலும் பயப்பட வேண்டாம். பல நிறுவனங்களின் கோரிக்கைகளையும் பிராங்பர்ட்டில் உள்ள Servicecenter Fahrgastrechte என்ற பொது மையமே பார்க்கிறது.

படிவம் உங்களிடம் மூன்று வகை விவரம் கேட்கும். கால அட்டவணைப்படி எப்போது கிளம்பி எப்போது சேர்ந்திருக்க வேண்டும் என்பது ஒன்று. உண்மையில் எந்த ரயிலில், எத்தனை மணிக்குச் சேர்ந்தீர்கள் என்பது இன்னொன்று. முதலில் தாமதமான ரயில் எது, எந்த நிலையத்தில் இணைப்பு தவறியது என்பது மூன்றாவது. பலரும் சறுக்குவது இரண்டாவதில்தான். தாமதமான ரயில் என்ற நினைப்பில் உள்ளூர் ரயிலின் நேரத்தையே எழுதிவிடுவார்கள். 17 நிமிடம் என்று பார்த்ததும் மறுப்புக் கடிதம் வந்துவிடும். நீங்கள் எழுத வேண்டியது, கடைசியாக ஏறிய ஐசிஇயின் எண்ணும் அது பெர்லினில் நின்ற நேரமும். உள்ளூர் ரயிலின் எண்ணும் கொலோன் என்ற பெயரும் மூன்றாவது இடத்துக்குப் போகட்டும். ரயில்களின் ஓட்ட நேரம் அவர்களிடமே பதிவாக இருக்கும், ஒத்துப் பார்த்துக்கொள்வார்கள். ஆனாலும் அன்று செயலியில் வந்த தாமத அறிவிப்பை மகன் படம் பிடித்து வைத்திருந்தால் பத்திரமாக வையுங்கள். 64 நிமிடம் என்பது எல்லைக்கு மிக அருகில் இருக்கிறது. அவர்கள் 59 என்று சொல்லிவிட்டால் காட்ட ஏதாவது வேண்டும்.

பணம் பெறும் இடத்தில் வவுச்சரா, வங்கிப் பணமா என்று கேட்பார்கள். வவுச்சர் தர அவர்களுக்கு அனுமதி உண்டு. ஆனால் பயணி பணமாகக் கேட்டால் பணமாகத்தான் தர வேண்டும். கோவையில் இருக்கும் உங்களுக்கு ஜெர்மன் ரயில் வவுச்சரால் என்ன பயன்? பணத்தையே தேர்ந்தெடுங்கள். அதற்கு ஐபேன் எனப்படும் சர்வதேச வங்கிக் கணக்கு எண் தேவைப்படும். இந்திய வங்கிகளில் அப்படி ஓர் எண் இல்லை. மகனின் ஜெர்மன் கணக்கைக் கொடுத்து, கணக்கு வைத்திருப்பவர் பெயராக அவர் பெயரையே எழுதிவிட்டால் வேலை சுலபம். பரிமாற்றச் செலவு என்று சொல்லித் தொகையில் பிடித்தம் செய்யச் சட்டம் அனுமதிக்கவில்லை. விண்ணப்பம் கிடைத்த ஒரு மாதத்துக்குள் பணம் வந்தாக வேண்டும்.

மறுத்தால் என்ன காரணம் சொல்கிறார்கள் என்று கவனியுங்கள். பழைய சட்டத்தின் கீழ், இயற்கைச் சீற்றமே காரணம் என்றாலும் நிறுவனம் தப்ப முடியாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2013இல் ஒரு ஆஸ்திரிய வழக்கில் சொல்லியிருந்தது. புதிய சட்டம் அந்தக் கதவைக் கொஞ்சம் திறந்துவிட்டது. கடுமையான வானிலை, பெரிய இயற்கைப் பேரிடர், பொதுச் சுகாதார நெருக்கடி, தண்டவாளத்தில் ஆள் புகுந்தது, கேபிள் திருட்டு, காவல்துறை நடவடிக்கை போன்றவை நேரடிக் காரணமாக இருந்து, நிறுவனம் எவ்வளவு முயன்றாலும் தவிர்த்திருக்க முடியாது என்றால் இழப்பீடு கிடையாது. ரயில் ஊழியர் வேலைநிறுத்தம் இந்தப் பட்டியலில் இல்லை. சிக்னல் கோளாறும் ரயில்பாதை நிர்வாகத்தின் தவறும் விலக்கு ஆகாது. வெறுமனே "அசாதாரணச் சூழ்நிலை" என்று ஒருவரி வந்தால், எந்த நிகழ்வு, எந்த இடத்தில், எப்படி உங்கள் ரயிலைத் தாமதப்படுத்தியது என்று எழுத்தில் கேளுங்கள். எனக்கு இந்த விலக்கில் உள்ள அகலம் பிடிக்கவில்லை. அதனால்தான் கேட்காமல் விட்டுவிடாதீர்கள் என்று வற்புறுத்துகிறேன்.

அந்தப் பதிலும் திருப்தி தரவில்லை என்றால் பெர்லினில் உள்ள Schlichtungsstelle Reise & Verkehr என்ற சமரச அமைப்புக்கு இணையத்திலேயே எழுதலாம். பயணியிடம் அவர்கள் கட்டணம் வாங்குவதில்லை. டிக்கெட், விண்ணப்ப நகல், மறுப்புக் கடிதம் மூன்றையும் இணைத்தால் போதும், வழக்கறிஞர் தேவையில்லை.

கோவை ஆணையத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 34ஆம் பிரிவு, புகார்தாரர் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்க இடம் தருவது உண்மைதான். ஆனால் ஜெர்மனியில் உள்ள நிறுவனத்துக்கு நோட்டீஸ் அனுப்பி, வரும் உத்தரவை அங்கே நிறைவேற்ற வைப்பதற்கு ஆகும் செலவு இந்த 20 யூரோவைப் போலப் பல மடங்கு. அந்த வழி வேண்டாம். மகனை உட்கார வைத்து, செயலியில் அந்த டிக்கெட்டைத் திறக்கச் சொல்லுங்கள்.