இரண்டு குரல்கள், இரண்டு வழிகள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கீபோர்டு கற்று வருகிறேன். என் ஆசிரியர் ‘ச ரி ம க ரி ப த ம க ரி ச’ என்ற பதினொரு சுர மெட்டைக் கொடுத்து, அதற்கு மேலே இன்னொரு மெட்டு எழுதி வரச் சொன்னார். ஒவ்வொரு சுரத்துக்கும் மூன்றாவது சுரத்தை வைத்து ‘க ம த ப ம நி…’ என்று எழுதினேன். கேட்க இனிமையாக இருந்தது. ஆனால் அவர், “இது இரண்டு மெட்டு அல்ல, ஒரே மெட்டு” என்றார். ஐந்தாவது சுரமாக மாற்றினேன்; “இது அதைவிட மோசம்” என்றார். இரண்டு மெட்டுகள் ஒன்றுக்கொன்று எதிராக நகர வேண்டும் என்றால் என்ன? எங்கிருந்து தொடங்குவது?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

உங்கள் ஆசிரியர் சொன்ன இரண்டு தீர்ப்புகளும் சரியானவை, ஆனால் அவற்றுக்கான காரணங்கள் வேறு வேறு. மூன்றாம் சுரங்களால் எழுதிய வரியில் ஒவ்வொரு இடத்திலும் ஒலி இனிமையாகவே இருக்கிறது. கீழ் மெட்டு ஏறும்போது மேல் மெட்டும் ஏறி, அது இறங்கும்போது இதுவும் இறங்குவதால், மேல் வரி தானாக எடுத்த ஒரு முடிவுகூட இல்லை என்பதுதான் அங்கே உள்ள குறை. ஐந்தாம் சுரங்களால் எழுதியதில் இந்தக் குறையோடு இன்னொன்றும் சேர்கிறது. ஐந்தாம் இடைவெளியில் மேல் சுரத்தின் அதிர்வெண் கீழ்ச் சுரத்தின் அதிர்வெண்ணைப் போல ஒன்றரை மடங்கு. எந்தச் சுரத்தோடும் அதைவிட உயர்ந்த மேற்சுரங்கள் மெல்லியதாகச் சேர்ந்து ஒலிக்கும். அதனால் மேல் சுரத்திலிருந்து எழும் மேற்சுரங்களில் ஒன்றுவிட்டு ஒன்று கீழ்ச் சுரத்தின் மேற்சுரங்களோடு ஒன்றாகவே விழுகிறது. எட்டாம் இடைவெளியில், அதாவது ச–மேல் ச இடைவெளியில், மேல் சுரத்தின் எல்லா மேற்சுரங்களும் கீழ்ச் சுரத்துக்குள் ஏற்கெனவே இருக்கின்றன. இப்படிப்பட்ட இடைவெளிகள் இரண்டு அடுத்தடுத்து ஒரே திசையில் வந்தால், காது இரண்டாவது குரலைத் தனியாகப் பிரித்துக் கேட்பதை விட்டுவிடுகிறது. முதல் குரல் சற்றுத் தடித்து ஒலிப்பதாகவே எடுத்துக்கொள்கிறது. ஒன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பியத் தேவாலயங்களில் ஒரு மந்திர மெட்டை இப்படி நான்காம், ஐந்தாம் இடைவெளிகளில் இணையாகப் பாடும் வழக்கம் இருந்தது. அதற்கு ஒரு கம்பீரம் உண்டு, ஆனால் அது ஒரு மெட்டின் கம்பீரமே. உங்களிடம் கேட்கப்படுவது அதுவல்ல.

உங்களுக்குக் கொடுக்கப்பட்ட பயிற்சியின் வடிவம் பழையது. 1725இல் வியன்னாவில் யோஹான் யோசஃப் ஃபுக்ஸ் லத்தீனில் வெளியிட்ட பாடநூல், ஒரு மெட்டுக்கு எதிராக இன்னொரு மெட்டை எழுதும் கலையான கவுண்டர்பாயிண்ட்டை ஐந்து படிகளாகப் பிரித்தது. ஒரு ஆசிரியரும் மாணவரும் உரையாடுவதாக எழுதப்பட்ட அந்த நூலில் முதல் படி, ஒரு நிலையான மெட்டின் ஒவ்வொரு சுரத்துக்கும் எதிரே ஒரே ஒரு சுரம் வைப்பது. ஹைடன் அந்த நூலைத் தானே படித்துக் கற்றார். பின்னர் தன்னிடம் வந்த இளம் பீத்தோவனுக்கும் அதே வழியில் பயிற்சி கொடுத்தார். தாளத்தின் துணை எதுவும் இல்லாமல், இரண்டு குரல்களும் ஒரே நேரத்தில் சுரம் மாற்றும் இந்த முதல் படியில், தனித்தன்மையைத் திசையால் மட்டுமே காட்ட முடியும். ஆகவே திசையைப் பற்றித்தான் முதலில் பேச வேண்டும்.

இரண்டு குரல்கள் ஒரு இடத்திலிருந்து அடுத்த இடத்துக்குப் போகும் வழிகள் நான்கே. ஒன்று ஏற மற்றது இறங்கலாம். இது எதிர் நகர்வு. ஒன்று நிற்க மற்றது நகரலாம். இரண்டும் ஒரே திசையில், ஆனால் வெவ்வேறு தூரம் போகலாம். இரண்டும் ஒரே திசையில் இடைவெளி மாறாமலும் போகலாம்; நீங்கள் எழுதியவை முழுக்க இந்தக் கடைசி வகை. எதிர் நகர்வை முதன்மையாக வைத்து, மற்றவற்றை இடையிடையே மட்டும் பயன்படுத்துங்கள். எங்கும் எதிர் நகர்வே இருந்தாலும் மேல் வரி கண்ணாடியில் தெரியும் பிம்பமாகிவிடும், அதுவும் சுதந்திரம் அல்ல.

இடைவெளிகளை இரு முனைகளையும் சேர்த்து எண்ணுங்கள்: ச–க மூன்று, ச–ப ஐந்து, ச–த ஆறு. மூன்றும் ஆறும் (ஒரு ஸ்தாயி தள்ளி வரும் மூன்றான பத்தும்) எங்கும் வரலாம். ஐந்தும் எட்டும் வரலாம், ஆனால் இரண்டு குரல்களும் ஒரே திசையில் நகர்ந்து அவற்றை அடையக் கூடாது. இரண்டு, நான்கு, ஏழு ஆகியவை இந்தப் படியில் வேண்டாம்.

இனி உங்கள் மெட்டையே எடுத்துக்கொள்வோம். ச என்பதை வெள்ளைக் கட்டைகளின் ஸியாக வைத்துக்கொண்டால், நமக்குத் தெரிந்த சங்கராபரணத்தின் ஏழு சுரங்கள் போதும். நான் எழுதிய மேல் வரி இது. மேல் ஸ்தாயிச் சுரங்களுக்கு ஒரு கோடு போட்டிருக்கிறேன், நடுவில் உள்ள எண்கள் இடைவெளிகள்:

```
மேல்:  ச'  நி  த  ச'  ம'  க'  ச'  ரி'  ச'  நி  ச'
       8   6   3   6   10   6   3   6   6   6   8
கீழ்:  ச   ரி  ம  க   ரி  ப   த   ம   க   ரி  ச
```

இதை இடமிருந்து வலமாக எழுதவில்லை. முடிவிலிருந்து தொடங்கினேன். கீழ் மெட்டு ‘ரி ச’ என்று இறங்கி முடிவதால், மேலே ‘நி ச'’ என்று ஏறி முடிப்பதுதான் வழி: ஆறு விரிந்து எட்டாகிறது, இரு குரல்களும் எதிர்த் திசைகளிலிருந்து வந்து ஒரே சுரத்தின் இரு ஸ்தாயிகளில் நிற்கின்றன. தொடக்கக்காரர்கள் பெரும்பாலும் முன்னாலிருந்து எழுதிக்கொண்டே வந்து, ஒன்பதாவது சுரத்தில் நிற்கும்போது நி-க்குப் போக வழியில்லாமல் மாட்டிக்கொள்கிறார்கள். முடிவை முதலிலேயே எழுதிவிட்டால் அந்தச் சிக்கல் எழாது.

அடுத்து மேல் வரியின் உச்சியைத் தீர்மானித்தேன். கீழ் மெட்டின் உச்சி ஏழாவது இடத்தில் உள்ள த. மேல் வரியின் உச்சி அதே இடத்தில் வந்தால் இரண்டும் சேர்ந்து ஏறிச் சேர்ந்து இறங்கும் ஒரே மலையாகிவிடும். ஐந்தாவது இடத்தில் கீழே ரி வருகிறது. க-விலிருந்து இறங்கி வருகிறது. கீழே இறங்கும் அந்த நேரமே மேலே ஏறுவதற்கு உரிய நேரம். ரி-க்கு மேல் ரி' வைத்தால் எட்டு கிடைக்கும். எதிர்த் திசையில் அடைவதால் பிழையும் இல்லை. ஆனால் நடுவழியில் வரும் எட்டு, முடிவு வந்துவிட்டது போன்ற வெறுமையைத் தருகிறது. ஆகவே ம' வைத்தேன். இதற்கு ஒரு விலை உண்டு: ‘த ச' ம'’ என்று ஒரே திசையில் இரண்டு தாவல்கள் வருகின்றன. அப்படித் தாவினால் அடுத்த அடி எதிர்த் திசையில், பக்கத்துச் சுரத்துக்கே இருக்க வேண்டும். ம' உடனே க'-க்கு இறங்குவது அதனால்தான்.

மூன்றாவது இடத்தை நீங்கள் கவனமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் விதியைப் படித்தவர்களும் இடறும் இடம் அது. கீழே ரி-யிலிருந்து ம-வுக்கு ஏறுகிறது. மேலே நி நிற்கிறது. நி-க்கு அடுத்து ச' வைத்தால் இயல்பாக இருக்கும் என்று தோன்றும், ம–ச' ஐந்தாம் இடைவெளி, அதற்கு முன் இருந்தது ஆறு, எனவே அடுத்தடுத்து இரண்டு ஐந்துகள் இல்லையே என்றும் தோன்றும். ஆனால் இரண்டு குரல்களும் மேல்நோக்கியே நகர்கின்றன. ரி-யிலிருந்து ம-வுக்குத் தாவும்போது நடுவில் உள்ள க-வைப் பாடுபவரின் குரலும் கேட்பவரின் காதும் மௌனமாக நிரப்பிக்கொள்கின்றன. அந்த க-வுக்கு மேலே நி இன்னும் ஒலிக்கிறது, க–நி ஐந்து, அதை அடுத்து ம–ச' ஐந்து. எழுத்தில் இல்லாத இணை ஐந்துகள் ஒலியில் வந்துவிட்டன. இதை மறைந்த ஐந்து என்பார்கள். அதற்குப் பதிலாக நி-யை த-வுக்கு இறக்கினேன்: மூன்று, எதிர் நகர்வு.

எட்டாவது இடத்திலிருந்து பத்தாவது இடம் வரை ஆறு, ஆறு, ஆறு என்று இணையாக இறங்குவதை நீங்கள் கவனித்திருப்பீர்கள். உங்கள் வரியில் தவறாக இருந்தது இங்கே எப்படிச் சரியாகும் என்ற கேள்வி நியாயமானது. ஏழு எதிர் நகர்வுகளுக்குப் பிறகு வருவதால் இந்த இணை நடை ஓர் இளைப்பாறலாகக் கேட்கிறது. மூன்று வரை பொறுக்கும். நான்காவது ஆறு வந்தால் மேல் குரல் நிழலாகத் தொடங்கும். இந்த வரியில் எனக்கே நிறைவு தராத ஒன்றும் உண்டு: ச' ஐந்து முறை வருகிறது. ஏழாவது இடத்தில் அதைத் தவிர்க்க ம' வைத்துப் பார்த்தேன், இடைவெளி ஆறு, விதிப்படி சரி. ஆனால் உச்சி இரண்டு முறை வந்து அதன் பலம் போய்விட்டது, குரல்களும் அங்கே சேர்ந்து ஏறின. ஒரு குறையைத் தெரிந்தே வைத்துக்கொள்வது இந்தப் பயிற்சியில் அடிக்கடி நேரும்.

எழுதி முடித்ததும் எண்களை மட்டும் பார்த்துத் திருப்தி அடையாதீர்கள். முதலில் மேல் வரியைத் தனியாகப் பாடுங்கள். கீழ் மெட்டு இல்லாமலும் அது ஒரு மெட்டாக நிற்க வேண்டும். பிறகு கீழ் மெட்டை இடது கையால் வாசித்துக்கொண்டு மேல் வரியைப் பாடுங்கள், அடுத்து மாற்றிச் செய்யுங்கள். எந்த இடத்தில் உங்கள் குரல் தானாகக் கையின் மெட்டுக்கு நழுவுகிறதோ, அந்த இடத்தில் இரண்டு குரல்கள் இல்லை என்று பொருள். பெரும்பாலும் அங்கே ஒரு எட்டோ ஐந்தோ ஒரே திசையில் வந்திருக்கும். கர்நாடக சங்கீதம் பயின்றவராக இருந்தால், பாடும்போது கமகம் வேண்டாம். க-வையும் நி-யையும் அசைத்துப் பாடினால் எந்த இடைவெளி ஒலிக்கிறது என்பதே தெளிவாகாது, பயிற்சி சோதிக்க வேண்டியது அதைத்தான்.

இதே மெட்டுக்கு இன்னும் இரண்டு மேல் வரிகள் எழுதிய பின், அதை மேலே வைத்துக் கீழே ஒரு வரி எழுதிப் பாருங்கள். அங்கே தொடக்கத்தில் ஐந்து வைக்க முடியாது. ச-வுக்குக் கீழே ஐந்தாவதாக ம வந்துவிடும், அடிக்குரலில் ஒலிப்பதால் அதுவே ஆதார சுரம் போலாகிவிடும். ஒரே சுரத்திலோ எட்டிலோதான் தொடங்க வேண்டும். முடிவில் மேலே ‘ரி ச’ இறங்க, கீழே ‘நி ச’ ஏறும். மேல் வரியில் ஆறு எட்டாக விரிந்தது போல, இங்கே மூன்று சுருங்கி ஒரே சுரத்தில் இரண்டு குரல்களும் சந்திக்கும்.