விசா தேதியும் சேர்ந்த தேதியும்

கேள்வி: துபாயில் 40 பேர் உள்ள பராமரிப்பு கம்பெனியில் அலுவலக வேலை பார்க்கிறேன். ஒருவருக்கு விசா புதுப்பிக்கப் போனால், பாஸ்போர்ட்டில் நாலு மாதம்தான் இருக்கிறது என்று திரும்பி வந்துவிட்டது. இன்னொருவர் வேலையை விட்டுப் போகிறார். அவருக்கு கிராஜுவிட்டி எப்படிப் போடுவது? எல்லாம் ஒரே எக்செல்லில்தான் வைத்திருக்கிறேன்.

பதில்: எக்செல்லே போதும். விசா காலாவதி தேதியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்ததுதான் கோளாறு. புதுப்பிக்கிற அன்று பாஸ்போர்ட்டில் குறைந்தது ஆறு மாதம் இருக்க வேண்டும். விசா 20-06-2026 வரை, பாஸ்போர்ட் 10-10-2026 வரை என்றால், ஏப்ரல் 10 தாண்டியதுமே அந்த பாஸ்போர்ட் விசாவுக்கு உதவாது. C பத்தியில் பாஸ்போர்ட், D-யில் விசா தேதி இருந்தால் இதைப் போடுங்கள்:

```
=IF(EDATE(C2,-6)<D2,"பாஸ்போர்ட் முதலில்","விசா")
```

தேதிகள் செல்லின் இடது ஓரத்தில் ஒட்டி நிற்கின்றனவா என்று ஒருமுறை பாருங்கள். அப்படி நின்றால் எக்செல் அவற்றை எழுத்தாகத்தான் எடுத்திருக்கிறது, கணக்கு தப்பாகிவிடும். பாஸ்போர்ட்டில் முகவரியும் மாற்றுகிறவர்களை முன்னதாகவே அனுப்புங்கள்; ஊரில் போலீஸ் விசாரணை சேர்ந்தால் நாள் இழுக்கும்.

இரண்டு வருடத்துக்கு ஒருமுறை விசா, லேபர் கார்டு தேதிகளை மாற்றும்போது பலர் "தொடக்கம்" பத்தியையும் சேர்த்து மாற்றிவிடுகிறார்கள். போகிறவருக்கு நஷ்டம் வருவது அங்கேதான். வேலையில் சேர்ந்த தேதிக்குத் தனிப் பத்தி வைத்துப் பூட்டிவிடுங்கள். ஒப்பந்தம் எத்தனை முறை புதுப்பித்தாலும் அதே கம்பெனியில் சேவை தொடர்ச்சிதான்.

01-03-2019இல் சேர்ந்தவர் 31-05-2026இல் போகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தச் சம்பளம் 3,000 திர்ஹாம், கடைசி அடிப்படைச் சம்பளம் 1,800. கிராஜுவிட்டிக்கு அடிப்படை மட்டும்தான். ஒரு நாளுக்கு 60 திர்ஹாம். முதல் ஐந்து வருடத்துக்கு வருடம் 21 நாள் வீதம் 6,300. அடுத்த இரண்டு வருடத்துக்கு வருடம் 30 நாள் வீதம் 3,600. மிச்சம் 92 நாள். இடையில் சம்பளமில்லாமல் 45 நாள் ஊரில் இருந்திருந்தால் அது சேவையில் சேராது. 47 நாள்தான் நிற்கும். 1,800-ஐ 365-ஆல் வகுத்து 47-ஆல் பெருக்கினால் 231.78. ஆக 10,131.78 திர்ஹாம்.

சேர்ந்த தேதியாகக் கடைசி விசா தேதியைப் போட்டிருந்தால் அதிகம் போனாலும் 2,520 திர்ஹாமில் கணக்கு முடிந்திருக்கும். தானாக ராஜினாமா செய்தால் குறைப்பது பழைய சட்டம். 2022 பிப்ரவரியில் வந்த புதிய சட்டத்தில் அது இல்லை. ஒரு வருடம் முடித்திருந்தாலே முழு உரிமை உண்டு. எடுக்காத லீவுக்கான பணம் இதில் சேராது, தனியாகப் போடுங்கள். ஒப்பந்தம் முடிந்த 14 நாளுக்குள் எல்லாம் அவர் கைக்குப் போக வேண்டும்.