நிஃப்டி ஏறும்போதே இந்தியா விக்ஸும் ஏறுவது ஏன்?

"நிஃப்டி ஏறும் நாளில் இந்தியா விக்ஸும் ஏறுகிறது. பயத்தின் அளவுகோல் என்கிறார்களே, பிறகு இது எப்படி?"

விக்ஸ் நிஃப்டியின் நகர்விலிருந்து நேரடியாகக் கணக்கிடப்படுவதில்லை. அடுத்த 30 நாள் ஏற்ற இறக்கத்துக்காக ஆப்ஷன் வாங்குபவர்கள் இன்று தரும் விலையிலிருந்து பிரித்தெடுக்கப்படுகிறது. நிஃப்டி இறங்கினால் பலன் தரும் ஆப்ஷன் புட், ஏறினால் பலன் தருவது கால். நிஃப்டியின் ஃபார்வர்டு விலைக்கு, அதாவது பின்னொரு தேதிக்கு இன்று சந்தை வைக்கும் விலைக்கு, கீழுள்ள புட்களையும் மேலுள்ள கால்களையும் எடுத்து, வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடைப்பட்ட மதிப்பை ஒப்பந்தத்தில் குறித்த விலையான ஸ்ட்ரைக்கின் வர்க்கத்தால் வகுத்துக் கூட்டுவார்கள். அதனால் ஒரே விலையில் கிடைத்தாலும் 22,000 புட்டின் எடை 26,000 காலின் எடையைவிட ஏறக்குறைய 40 சதவீதம் அதிகம். சரிவுக்கு அஞ்சிப் பெரிய நிதி நிறுவனங்கள் காப்பீடு போல வாங்குவதும் இந்தப் புட்களைத்தான். பயத்தின் அளவுகோல் என்ற பெயருக்கு அதுவே காரணம்.

ஆனால் விக்ஸ் திசையைச் சொல்லாது. விக்ஸ் 15 என்பது ஆண்டுக்கு 15 சதவீதம் என்ற கணக்கு. 12-இன் வர்க்கமூலத்தால் வகுத்தால், ஒரு மாதத்தில் இருபுறமும் சுமார் 4.3 சதவீத நகர்வைச் சந்தை எதிர்பார்க்கிறது என்று பொருள். 2024 மே மாதம் தேர்தல் முடிவை எதிர்நோக்கி விக்ஸ் 20-ஐத் தாண்டியபோதே நிஃப்டியும் புதிய உச்சத்தைத் தொட்டது. நீங்கள் பார்க்கும் நாளிலும் அத்தகைய நிகழ்வு ஏதேனும் நெருங்குகிறதா என்று முதலில் பாருங்கள்.