தவறான விலையைத் திருத்தும்போது எதை மட்டும் மாற்ற வேண்டும்

கேள்வி: வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு அனுப்பிய கொட்டேஷனில் விலை குறைவாகப் போய்விட்டது. ஆர்டர் இன்னும் உறுதியாகவில்லை. உறவு கெடாமல் எப்படித் திருத்துவது?

நீங்களும் எங்களைப் போல ஏற்றுமதித் தொழிலில் இருப்பவர் என்றும், தவறு உங்கள் கண்ணில்தான் முதலில் பட்டது என்றும், பையருக்கு இன்னும் தெரியாது என்றும் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சன்டைசிங் பிரிவைப் பல ஆண்டுகளாகக் கவனித்து வருகிறேன். எங்களிடம் நடந்த ஒன்றையே சொல்கிறேன். புரிவதற்கு எளிதாக எண்களை முழுமையாக்கியிருக்கிறேன்; நூல் விலையும் டாலர் மதிப்பும் மாறிக்கொண்டே இருப்பவை என்பதால் யாரும் இதை இன்றைய விலை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஓர் ஐரோப்பிய இறக்குமதியாளர் 180 ஜி.எஸ்.எம்., அதாவது சதுர மீட்டருக்கு 180 கிராம் எடையுள்ள துணியில் 12,000 ஆண்கள் டி-ஷர்ட்டுக்கு விலை கேட்டிருந்தார். காஸ்டிங் பிரிவில் அவருடைய பழைய ஸ்டைலின் தாளை நகலெடுத்து விலை போட்டார்கள். அந்தப் பழைய ஸ்டைல் 150 ஜி.எஸ்.எம். தலைப்பில் 180 என்று மாற்றியவர்கள், ஒரு பீஸுக்கான துணி அளவைப் பழைய 200 கிராமிலேயே விட்டுவிட்டார்கள். வெட்டுக் கழிவையும் சேர்த்து அது 240 கிராமாக இருந்திருக்க வேண்டும். சாயமிட்டு முடித்த துணி கிலோ 400 ரூபாய் என்றால் பீஸுக்கு 16 ரூபாய் குறைவு. தையல் கூலி, லேபிள், பேக்கிங், துறைமுகம் வரையிலான செலவு என மற்றவை 65 ரூபாய். அதன்மேல் நிர்வாகச் செலவுக்கும் லாபத்துக்குமாக 12 சதவீதம் சேர்த்து, டாலருக்கு 84 ரூபாய் என்ற கணக்கில் 1.93 டாலர் எஃப்.ஓ.பி. விலையாக, அதாவது நம் துறைமுகத்தில் கப்பலேற்றித் தரும் விலையாகப் போய்விட்டது. சரியான விலை 2.15 டாலர். 1.93-க்குச் செய்தால் கையிலிருந்து பெரிதாகப் போகாது. ஆனால் வங்கி வட்டிக்கும் அலுவலகச் செலவுக்கும் ஒன்றுமே மிஞ்சாது.

இது தெரியவந்தது நூல் தேவையைக் கணக்கிட்டபோதுதான். 12,000 பீஸுக்கு 2,880 கிலோ துணி வேண்டும் என்று ஃபேப்ரிக் பிரிவு சொன்னது. காஸ்டிங் தாள் 2,400 கிலோ என்றது. உங்களிடமும் இந்த இரண்டு எண்களையும் விலை அனுப்பும் முன்பே ஒப்பிடும் வழக்கம் இல்லையென்றால் இப்போதே தொடங்கிவிடுங்கள்.

நிர்வாகத்தில் முதலில் எழுந்த யோசனை, நூல் விலை ஏறிவிட்டது என்று எழுதிவிடலாம் என்பது. நான் அதைக் கடுமையாக எதிர்த்தேன். வியாபாரத்தில் இதெல்லாம் சகஜம் என்று சொல்பவர்கள் இருப்பார்கள்; நான் நேர்மையை மட்டும் மனத்தில் வைத்து எதிர்க்கவில்லை. இங்கே நூற்பாலைகள் பெரும்பாலும் மாதத் தொடக்கத்தில் விலையை அறிவிக்கின்றன. திருப்பூரில் இன்னும் இரண்டு பேரிடம் விசாரித்தாலே பையருக்கு உண்மை தெரிந்துவிடும். அப்படித் தெரியாமல் போனாலும், அடுத்த மாதம் நூல் இறங்கினால் "அன்று ஏற்றினீர்களே, இப்போது இறக்குங்கள்" என்று கேட்க அவருக்கு நாமே உரிமை கொடுத்தவர்களாகிறோம். சொல்லாமல் துணியை மெலிதாக்குவது இதைவிட மோசம். இறுதிப் பரிசோதனையில் வட்டக் கத்தியால் நூறு சதுர சென்டிமீட்டர் வெட்டி எடை போட்டால், பொதுவாக அனுமதிக்கும் 5 சதவீத வேறுபாட்டைத் தாண்டிய துணி உடனே தெரிந்துவிடும்.

எனவே உண்மைக் காரணத்தையே சொல்வது என்று முடிவானது. ஆனால் தொலைபேசியை எடுக்கும் முன் மீதமுள்ள ஒவ்வொரு வரியையும் வேறொருவரை வைத்துச் சரிபார்த்தோம். தவறு இருக்கிறது என்று கேட்டவுடன் பையருக்கு வரும் முதல் பயம் இருபது சென்ட்டைப் பற்றியதாக இருக்காது. மற்ற எண்களையாவது நம்பலாமா, அடுத்த வாரம் இன்னொரு திருத்தம் வருமா என்பதுதான் அவருடைய கவலையாக இருக்கும். அவர் அதையே கேட்டார். மற்ற எல்லாவற்றையும் சரிபார்த்துவிட்டோம், மாறுவது துணி அளவு ஒன்றுதான் என்று சொல்ல முடிந்ததால் பேச்சு அமைதியாகத் தொடர்ந்தது.

மின்னஞ்சலுக்கு முன் தொலைபேசி என்பதற்குச் சட்டக் காரணமும் உண்டு. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி, ஏற்பு உங்களைக் கட்டுப்படுத்தும் நிலையை அடையும் வரை உங்கள் முன்மொழிவைத் திரும்பப் பெறலாம். ஆனால் திரும்பப் பெற்ற செய்தி அவருக்குத் தெரியவந்த பிறகே அது அவரைப் பொறுத்தவரை செல்லும். அவர் ஆர்டரை அனுப்பிவிட்டால், ஒரு தரப்பு மட்டும் செய்த தவறைக் காட்டி ஒப்பந்தத்தைத் தள்ளிவிட அதே சட்டத்தின் 22-ஆம் பிரிவு இடம் தருவதில்லை. இங்கிலாந்தில் 1939-இல் தீர்ப்பான முயல்தோல் வழக்கைச் சிலர் இங்கே எடுத்துக்காட்டுவார்கள். தோல் ஒன்றுக்கு என்று சொல்ல வேண்டிய விலையை விற்பவர் பவுண்டு எடைக்கு என்று சொல்லிவிட்டார். அது தவறு என்று வாங்குபவருக்குத் தெரிந்தே இருக்க வேண்டும் என்று கருதிய நீதிமன்றம் விற்பவர் பக்கம் நின்றது. ஒரு பவுண்டுக்கு ஏறத்தாழ மூன்று தோல்கள் நிற்கும் என்பதால் அங்கே வேறுபாடு வெளிப்படையாகத் தெரிந்தது. நம்முடைய பத்து சதவீத வேறுபாட்டை எந்தப் பையரும் நல்ல விலை என்றே நினைத்திருப்பார். அந்த வழக்கை நம்பி இருக்காதீர்கள்.

பேசி முடித்தவுடன் எழுத்தில் அனுப்பினோம். பழைய கொட்டேஷன் எண்ணையும் தேதியையும் குறிப்பிட்டு அது ரத்தாகிறது என்று எழுதி, அதே எண்ணில் முதல் திருத்தம் என்று புதியதை இணைத்தோம். 200 கிராம் 240 கிராமாக மாறுகிறது என்ற ஒரு வரியே விளக்கம். சரியான விலை 2.15 ஆக இருந்தும் 2.12 என்றுதான் கேட்டோம். விடுபட்ட 16 ரூபாயை மட்டும் சேர்த்தோம், அதன்மேல் 12 சதவீதத்தை ஏற்றவில்லை. எங்கள் தவறிலிருந்து நாங்கள் லாபம் எடுக்கவில்லை என்பதை அவர் தாமே கணக்குப் போட்டுப் பார்த்துக்கொள்ள முடிந்தது. அந்த இடைவேளையில் அட்டைப்பெட்டி விலை கொஞ்சம் ஏறியிருந்தது. அதையும் சேர்த்துவிடலாம் என்றார்கள்; நான் ஒப்புக்கொள்ளவில்லை. திருத்தத்துக்குள் இன்னொரு உயர்வு ஒளிந்திருந்தால் திருத்தம் முழுவதுமே சந்தேகத்துக்கு இடமாகிவிடும். கூடவே, 160 ஜி.எஸ்.எம். துணியில் செய்தால் ஏறத்தாழ 2 டாலருக்குள் முடியும் என்ற மாற்று வழியையும் வெளிப்படையாக வைத்தோம்.

அவர் அந்த மெலிந்த துணியை ஏற்கவில்லை. 1.93-ஐ வைத்துத் தம் வாடிக்கையாளரிடம் விலை சொல்லிவிட்டதாகவும் சொன்னார். அதை நம்பாமல் பேரம் பேசுகிறவர்கள் உண்டு. நான் நம்பினேன், ஏனென்றால் இறக்குமதியாளரின் வேலை அப்படித்தான் நடக்கிறது. இந்த ஆர்டருக்கு 2.05, மறு ஆர்டர் வந்தால் 2.12 என்று முடித்தோம். பீஸுக்கு 7 சென்ட் வீதம் 840 டாலர், அதாவது ஏறத்தாழ 70,000 ரூபாய், எங்கள் பொறுப்பு. இது கோழைத்தனம் என்று எங்கள் கணக்குப் பிரிவே சொன்னது. ஆனால் மறு ஆர்டர் விலையை அன்றே எழுத்தில் வாங்கிவிட்டதால், 1.93 என்ற எண் பிறகு எந்தப் பேச்சிலும் அடிப்படை விலையாக வரவில்லை. மறு ஆர்டரும் 2.12-க்கே வந்தது.

உங்கள் பையரிடம் முதலில் கேட்க வேண்டியதும் அதுதான்: இந்த விலையை அவர் யாருக்காவது சொல்லிவிட்டாரா? சொல்லவில்லை என்றால் விடுபட்ட செலவு முழுவதையும் தயங்காமல் கேளுங்கள். சொல்லிவிட்டார் என்றால், எவ்வளவு வரை உங்களால் தாங்க முடியும் என்பதை முதலாளியிடம் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொண்டு பேசுங்கள்.