12 மணி நேர வீடியோவுக்கு எவ்வளவு இடம் வேண்டும்?

"கல்யாணத்துக்கு இரண்டு கேமரா, ஆளுக்கு 6 மணி நேரம், 100 Mbps. எத்தனை ஜிபி ஆகும், காப்பி ஆக எவ்வளவு நேரம் பிடிக்கும்?"

சுமார் 540 ஜிபி. Mbps-இல் உள்ள சின்ன b பிட்டைக் குறிக்கிறது, பைட்டை அல்ல. 8 பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட். அதனால் 100-ஐ 8-ஆல் வகுத்தால் நொடிக்கு 12.5 எம்பி. அதை 3600-ஆல் பெருக்கினால் மணிக்கு 45 ஜிபி, 12 மணி நேரத்துக்கு 540.

```
ஜிபி = Mbps × 0.45 × மணி
```

விண்டோஸில் இதே ஃபைல்கள் 503 GB என்று தெரியும். பதற வேண்டாம், எதுவும் தொலையவில்லை. அது 1000-க்குப் பதில் 1024-ஆல் வகுத்துக் காட்டுகிறது. 1 டிபி டிஸ்க் 931 என்று காட்டுவதும் இதனால்தான்.

காப்பி நேரத்தை முடிவு செய்வது, வழியில் இருப்பதிலேயே மெதுவான பொருள். கார்டு நொடிக்கு 90 எம்பி படித்தால் 5,40,000 ÷ 90 = 6000 நொடி, அதாவது 100 நிமிடம். அதே கார்டு ரீடரைப் பழைய யூஎஸ்பி 2.0 போர்ட்டில் செருகிவிட்டால் வேகம் பெரும்பாலும் 35-ஐத் தாண்டாது. நாலேகால் மணி நேரம் போய்விடும். ஒருமுறை மண்டபத்திலேயே காப்பி போட்டுவிட்டு, பந்தி முடிந்து வந்து பார்த்தேன், கால்வாசிகூட ஆகவில்லை. போர்ட்தான் காரணம்.

கணக்குக்குக் கார்டு உறையில் அச்சிட்ட வேகத்தை எடுக்காதீர்கள், அது உச்ச வேகம். ஒரு 10 ஜிபி ஃபைலை நகலெடுத்து, ஆன நொடிகளால் வகுத்துப் பாருங்கள்.

அப்புறம், கேமராவில் VBR, அதாவது காட்சிக்கேற்ப Mbps கூடிக் குறையும் முறை இருந்தால் 100 என்பது பெரும்பாலும் சராசரி இலக்குதான். 10 நிமிடம் எடுத்துப் பார்த்தால் 7.5 ஜிபி வர வேண்டும்.